திருப்பிப் போட்ட கோர்ட்

பேட்மிண்டன் கோர்ட்டைத் திருப்பிப் போடக் கூடாது என்று நான் வரைபடத்திலேயே எழுதியிருக்க வேண்டுமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் என் மகள் பேட்மிண்டன் பழகும் ஹால், தென்னூரில் நான் வேலை பார்க்கும் கட்டட ஆலோசனை அலுவலகத்தில் நானே வரைந்தது. அகலவாக்கில் சுவருக்குச் சுவர், கூரையைத் தாங்கும் இரும்பு ட்ரஸ்கள். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. நீளச் சுவர்கள் இரண்டிலும், கூரைக்குச் சற்றுக் கீழே, கண்ணாடி ஜன்னல் வரிசை. கண்ணாடிக்கு மேல் சூடான காற்று வெளியேறச் சாய்ந்த தகடுகள். நீளவாக்கில் நான்கு கோர்ட். ஆடுபவர்கள் ஜன்னலே இல்லாத குறுக்குச் சுவரைப் பார்ப்பார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்.

தூண் இல்லாததால் ஹால்காரர் கோர்ட்டுகளை அகலவாக்கில் திருப்பிவிட்டார். ஐந்து கோர்ட் ஆயிற்று. ஆடும் பிள்ளைகளுக்கு எதிரே இப்போது ஜன்னல். வெள்ளை இறகுப்பந்து அந்தப் பளீர் வெளிச்சத்தில் மறைந்துபோகிறது. போன மாதம் என் மகளுக்கு அது கண்ணுக்குக் கீழே வந்து அடித்தது.

"பழையபடி நீளவாக்குலயே போடுங்க சார்," என்றேன்.

"ஒரு கோர்ட் போயிடும். எந்தப் பிள்ளைங்கள வெளிய அனுப்பறது? நீங்களே சொல்லுங்க மேடம்."

பெஞ்சில் இருந்த அம்மாக்கள் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க பொண்ணுக்குப் பந்த எடுக்கத் தெரியல. அதுக்கு ஜன்னல் மேல பழியா?"

"இன்ஜினியர் அம்மா இல்லையா, கூரையப் பார்த்துட்டுத்தான் பிள்ளைய வளப்பாங்க," என்றார் இன்னொருவர்.

மறுநாள் ஹால்காரர் பழைய கல்யாண ஃபிளெக்ஸ்களைக் கொண்டுவந்து ஜன்னல் வரிசை முழுக்கக் கட்டினார். காற்றுத் தகடுகளையும் சேர்த்து. பகலிலேயே விளக்குப் போட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே வெக்கை அப்படியே தங்கியது. மூன்றாம் நாள் ஒரு பையன் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டான்.

அவன் அம்மா நேரே என்னிடம் வந்தார். "ஜன்னல், ஜன்னல்னு நீங்கதான கத்துனீங்க? இப்ப சந்தோஷமா?"

நான் சொன்னது கோர்ட்டை, ஜன்னலை அல்ல என்று சொல்லத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. நான் சரியாகத்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அன்று வெளியே வரும்போது ஹால்காரர் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வாரம் டீம் செலக்‌ஷன் மேடம். எழுதிக் கிழுதிப் புகார் கொடுத்தீங்கன்னா, பாப்பா வேற இடம் பாத்துக்கட்டும்."

எழுத்தில் கொடுத்தால் மகள் தேர்வை இழப்பாள். கொடுக்காவிட்டால் அந்த வெக்கையில் எல்லாப் பிள்ளைகளும் ஆடுவார்கள். "நீ ஒதுங்கிக்கோ," என்கிறார் என் கணவர். மகளோ நாளைய பயிற்சிக்கு ராக்கெட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

இப்படி ஒரு ஹாலுக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள், அல்லது ஹால் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: தேர்வுக்கு முன்னால் புகாரை எழுதிக் கொடுக்கட்டுமா, முடியும்வரை பொறுத்திருக்கட்டுமா?