ரேஞ்ச் இல்லாத இடத்தில்

வைஃபை எக்ஸ்டெண்டரை ரேஞ்ச் இல்லாத இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று நான் முழுமனதாக நம்பினேன். திருவனந்தபுரத்தில் சிக்னலுக்கு ரேஞ்ச் என்றுதான் பெயர். வாங்கி வந்த பெட்டியின் மேலும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்றே எழுதியிருந்தது. பசித்தவன் முன்னால்தானே இலை போடுவார்கள்?

எங்கள் வீடு ஊரின் பழைய கோட்டைக்குள், ரயில் பெட்டி மாதிரி நீளமானது. ரூட்டர் வாசல் அறையில். என் ஆபீஸ் மேஜை கடைசி அறையில். நடுவில் இரண்டு அறைகளும் தடித்த சுவர்களும். ஒரு வீடியோ மீட்டிங்கில் நான் "ஆ" என்று வாய் திறந்த கணத்தில் நெட் போய், முகம் அப்படியே உறைந்தது. அதே ஊரில் கரமனையில் இருக்கும் என் சக அலுவலர் அதைப் படம் பிடித்து, "ஊணு ரெடியா?" என்று அடியில் எழுதி வாட்ஸாப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார். அன்று முதல் ஆபீஸ் குரூப்பில் மத்தியானம் மணி ஒன்றானால் சாப்பாட்டு அழைப்புக்கு என் வாய்தான்.

அது போதாதென்று மேலதிகாரி சொன்னார்: வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை நான் வாசிக்க வேண்டும், மறுபடி உறைந்தால் இனி அதைக் கரமனைக்காரரே வாசிப்பார். உறையாமல் வாசித்துப் பழிவாங்கியே தீருவது என்று எக்ஸ்டெண்டர் வாங்கி, மேஜைக்குப் பக்கத்திலேயே செருகினேன். போனில் கோடுகள் முழுசாக நின்றன. ரிப்போர்ட்டைத் திறந்தால் வட்டம் மட்டும் சுற்றியது.

நான் கலங்கிப்போனேன். பக்கத்து வீட்டுக்காரர் திருடுகிறார் என்று பாஸ்வேர்டை இரண்டு தடவை மாற்றினேன். இரண்டாவதை நானே மறந்து, ரூட்டரில் பழையதையே திரும்பப் போட்டேன். "ஏன்னா, திருடனுக்காவது நெட் கெடைக்கறதா, கேட்டுண்டு வாங்கோ" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை காலை கேபிள்காரர் வந்தார். இணைப்புக் கொடுத்தவரும் அவரே. மேஜையடியில் குனிந்து பார்த்தார்.

"சாரே, இதில சிவப்பு லைட் கத்துது. கண்டில்லையா?"

"கண்டேன். எரியறதால கரன்ட் இருக்குன்னு நினைச்சேன்."

"கரன்ட் லைட் வேற. இது ரூட்டர்லேர்ந்து இதுக்கு வர்ற ரேஞ்ச். ரொம்ப தூரம்னு சொல்லுது."

"போன்ல முழுசா காட்டுதே?"

"போனுக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு முழம். முழுசா காட்டாம பின்னே? பெட்டிக்கே ஒண்ணும் கிட்டல. இது ரேஞ்ச் உண்டாக்குற சாதனம் இல்ல, சாரே. கிட்டுறத வாங்கித் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான்."

எக்ஸ்டெண்டரைப் பிடுங்கிவிட்டு, தன் போனை ரூட்டரின் வைஃபையில் சேர்த்து, சிக்னல் அளக்கும் ஆப்பைத் திறந்து வீட்டுக்குள் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். ரூட்டர் அருகே மைனஸ் நாற்பது. கடைசி அறையில் மைனஸ் எண்பத்துநாலு. மைனஸ் என்பதால் எண் சின்னதானால்தான் நல்லது என்றார். நடு ஹாலில் அறுபத்தொன்று. ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் எழுபத்துநாலு.

"பீரோ ரேஞ்ச முழுங்கும். வாதில் பக்கத்துல வைக்கணும். இங்க இதுக்கும் நல்லா கிட்டும், இங்கேர்ந்து உங்க மேஜைக்கும் எட்டும். ரெண்டும் வேணும்."

ஹால் கதவோரத்துப் பிளக்கில் செருகினார். ஓரிரு நிமிடம் சிமிட்டி, விளக்கு பச்சையானது. மேஜைக்குப் போனேன். போனில் முன்னைவிட ஒரு கோடு குறைவு. ரிப்போர்ட் மட்டும் உடனே திறந்தது. அவர் கிளம்பும்போது மனைவியிடம் சொன்னார்: "சேச்சி, சாரை இது தொட விடாதீங்க."

வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் உறையாமல் வாசித்தேன். வாயை மட்டும் அளவாகத் திறந்தேன். முடிந்ததும் கரமனைக்காரரிடமிருந்து போன்.

"ஓய், எப்படி ஓய் இப்படி ஜோரா வருது? எங்காத்து மாடி ரூம்ல சுத்தமா ரேஞ்ச் இல்ல. எக்ஸ்டெண்டர் வாங்கி வெச்சிருக்கேன். எங்க மாட்டணும்?"

என் வாழ்நாளில் இவ்வளவு இனிமையாக நான் பேசியதில்லை. "ரேஞ்ச் எங்க சுத்தமா இல்லையோ, அங்கதான் ஓய். மேஜை மேலயே வெச்சுக்கோரும். போன்ல முழுக் கோடு வரும், பாரும்."

"வந்துடுத்து ஓய்" என்று சற்று நேரத்தில் நன்றி வேறு சொன்னார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில், மூன்றாவது வாக்கியத்தில், ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து அவர் உறைந்தார். நான் திரையை அப்படியே படம் பிடித்து, வெட்டிச் சரிசெய்யும் பொறுமைகூட இல்லாமல், குரூப்பில் போட்டேன்.

படத்தில் அவர் கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில், கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தபடி, மிகத் தெளிவாக நான் இருந்தேன். குரூப்பில் ஸ்டிக்கர் ஆனது என் முகம்தான். பாயசம் உள்ள நாட்களில் அதைப் போடுகிறார்கள்.