ஆறு நொடிக்கு ஒரு டேபிள் ஃபேன்

அக்கா எதற்கும் உடனே பதில் சொல்ல மாட்டாள். கேள்வி கேட்டால் கீழுதட்டை மடித்து, ஒரு மூச்சு இழுத்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். போனில் பேசுகிறவர்கள் லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து மறுபடி கூப்பிடுவார்கள். அவளுக்குப் போய் சமுதாய வானொலியில் போன் எடுக்கும் வேலை கிடைத்தது. ஏழு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மைக்கின் மேல்.

வெயில் கூடிக்கொண்டே போன ஒரு வருடம். மாறிவிட்ட பருவத்துக்கு ஏற்ப எப்படி வாழ்வது என்று பன்னிரண்டு வாரத் தொடர் ஒன்றை மேலாளர் மேடம் தொடங்கினார். வாரம் மூன்று நிமிடம், நேரலை. அதைத் தான் படிக்கட்டுமா என்று அக்கா வாய்விட்டுக் கேட்டாள். முதல் நிகழ்ச்சியைப் படிக்கட்டும், சரியாக வந்தால் தொடர் முழுதும் அவளுக்கு, இல்லையென்றால் திரும்பவும் போன்தான் என்றார் மேடம்.

அவளுக்கு அதை எழுதிக் கொடுத்தது தம்பி நான். வீட்டின் முதல் பட்டதாரி என்ற தெம்பில் மூன்று நிமிடத்துக்குள் ஒன்பது அறிவுரைகளைத் திணித்திருந்தேன். ‘தகவமைத்துக்கொள்ளுதல்’ மட்டும் நான்கு தடவை. மாடி அறையில் தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அக்கா அதைப் படித்துக் காட்டினாள். அம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

“நல்லாத்தான் சொன்னே. என்ன சொன்னே?”

சுருக்கென்றது. அந்தக் கொதிக்கிற தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரே அம்மாதான். அவருக்கே போய்ச் சேராததை யாருக்காக எழுதினேன்? மதிப்பெண் போடப் போகும் யாரோ ஒருவருக்காகவா?

ஒன்பதை மூன்றாக்கினோம். ஒவ்வொன்றும் ஒரே வாலோடு முடிந்தது. தண்ணி எடுத்து வைக்கிறது, வெயிலுக்கு முன்னாடி. வெளி வேலையை முடிக்கிறது, வெயிலுக்கு முன்னாடி. தனியா இருக்கிறவங்களை எட்டிப் பார்க்கிறது... அங்கே அக்கா நிறுத்தினாள். அம்மா தன்னையறியாமல், “வெயிலுக்கு முன்னாடி” என்றார். மெஷின் நின்றிருந்தது.

கடைசியில் ஒரு கேள்வி: “உங்க தெருவுல தனியா இருக்கிறது யாரு?” அதற்குப் பின் ஆறு நொடி பேசக் கூடாது என்றாள். கேட்கிறவருக்கு ஒரு முகம் நினைவுக்கு வர வேண்டுமாம். மூன்று நொடியில் வராதா என்றேன். “உனக்கு வரும்டா. நீ கேள்வி எழுதினவன்” என்றாள்.

முதல் நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. கேள்வியைக் கேட்டாள். நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. திடீரென்று வானொலியில் ஒரு குத்துப் பாட்டு.

நிலையத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. ஐந்து நொடி சத்தமே இல்லையென்றால் ஒலிபரப்பு அறுந்துவிட்டதென்று எண்ணி, அதுவாகவே கைவசமுள்ள பாட்டைப் போட்டுவிடும். எல்லோரும் அதை மறந்திருந்தார்கள். அக்கா வரியை மறந்துவிட்டாள் என்றே மேடம் முடிவு கட்டினார். ஒலிப்பதிவாளர் ஒயர் அண்ணன்தான் போய்ப் பெட்டியைக் காட்டிக்கொடுத்தார். சரி, நாளைக்கு ஒரு தடவை, ஆனால் அந்த நிறுத்தம் வேண்டாம் என்றார் மேடம்.

தலையாட்டிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொள் என்று நான் கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. அது போனால் வெறும் பட்டியல்தான் மிஞ்சும், பட்டியல் படிக்க நான் எதற்கு என்று மேடத்திடமே சொன்னாள். பிறகு ஒயர் அண்ணனிடம் போனாள்.

“அண்ணே, அந்தப் பெட்டிக்கு நான் பேசணுமா, இல்ல ஏதாவது சத்தம் கேட்டா போதுமா?”

“அதுக்கென்ன தெரியும் பேச்சும் கீச்சும். சத்தம் இருந்தா சும்மா கிடக்கும்.”

மறுநாள் இன்னொரு மைக்கின் முன்னால் பழைய டேபிள் ஃபேன் ஒன்று வந்து நின்றது. கேள்விக்குப் பிறகு அக்காவின் குரல் இல்லை. புழுங்கும் அறையில் ஃபேன் கரகரவென்று சுற்றும் ஓசை மட்டும், ஆறு நொடி. பெட்டி வாயைத் திறக்கவில்லை. பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள்: “அவங்கதான். இன்னைக்கே போய்ப் பாருங்க.”

அவள் உள்ளே இருந்ததால் அன்று போன் மேசையில் நான் இருந்தேன். ஒரே ஓர் அழைப்பு. பெயர் சொல்லாத ஓர் ஆள், “எங்க கீழ்வீட்டு டீச்சர்” என்றார், எதையோ ஒப்புக்கொள்வதுபோல. அதை எழுதி மேடத்திடம் நீட்டினேன். தொடர் அக்காவுக்கே வந்தது.

ஆனால் வாலும் நிறுத்தமும் சேர்ந்து மூன்று நிமிடம் ஒவ்வொரு வாரமும் நாற்பது நொடி நீண்டது. அடுத்து வரும் நேயர் விருப்பப் பாட்டுகளின் நேரத்தைத்தான் அது தின்னும். பாட்டுப் போடுகிறவர் முறைப்பார். தொடர் முடிந்ததும் மொத்தமாகத் திருப்பித் தருகிறேன், ஒரு முழுப் பாட்டுக்கே இடம் விடுகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். பன்னிரண்டாவது வாரம் முடிந்த கையோடு பெரிய நிலையம் ஒன்று அவளைக் கூப்பிட்டது. போய்விட்டாள்.

இப்போது அந்த நேரத்துக்கு நான் எழுதுகிறேன், வேறொருவர் படிக்கிறார். பாட்டுக்காரர் வாரம் தவறாமல் வாசலில் மறிக்கிறார்: “உங்க அக்கா எட்டு நிமிஷம் தரணும், தம்பி.” எதையாவது குறைத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் தாளை எடுத்து உட்காருகிறேன். குறைக்க மனம் வரவில்லை. போன வாரம் அவரிடம் இன்னும் பத்து நொடி கேட்டிருக்கிறேன்.