இரண்டு குவளைக்கு ஒன்று

என் கணவரின் அண்ணன் மனைவி, நான் பாலில் தண்ணீர் கலக்கிறேன் என்று சொன்னாள். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். ரிவியேர் தே ஸாங்கீய் ஊருக்கு அடுத்த கரும்புத் தோட்ட ஆஸ்பத்திரியில், மருந்து கொடுப்பவர் முன்னால், என் தயிர்ப் பானையைச் சாய்த்துக் காட்டிச் சொன்னாள்.

"பாருங்க, எவ்வளவு திலோ! பசு கறந்துச்சா, கிணறு கறந்துச்சா?"

திலோ என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் தண்ணீர். சமையல்காரிகள் சிரித்தார்கள். காய்ச்சலில் தேறுகிறவர்களுக்கு அதுவரை என் தயிர்தான் போனது. அன்றோடு நின்றது. தெருவிலும் யாரும் வாங்கவில்லை.

அவளும் தயிர் விற்கிறவள்தான். அவள் தயிர் கெட்டி. கரண்டியை நட்டால் நிற்கும். துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடிப்பாள். "இதுல புரதம் ஜாஸ்தி" என்று மருந்துக்காரர் அதையே எடுத்துக்கொண்டார். குவளைக்குக் குவளை பார்த்தால் அது பொய்யில்லை.

ஒரு வாரம் வெந்தேன். பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வரும் நேரம் பார்த்து, பானையோடு வெள்ளைத் துணியையும் எடுத்துப் போனேன்.

"அக்கா, உன் தயிர் ரெண்டு குவளைய வடிச்சா எவ்வளவு நிக்கும்?"

"ஒரு குவளை. உன்னோடதுல அரைக்கால்கூட நிக்காதுடி, அவ்வளவும் திலோ."

வாயைக் கொடுத்தாள். மருந்துக்காரர் கையாலேயே என் தயிரில் இரண்டு குவளை அளக்கச் சொன்னேன். துணியில் கட்டி நிழலான தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். பச்சையும் மஞ்சளுமாகத் தெளிந்த நீர் சொட்டியது. மதியம் அவிழ்த்தபோது ஒரு குவளை நிறைந்தது. கரண்டி நின்றது.

"அப்போ இந்த ஒரு குவளையில இருக்கற புரதம்தானே அந்த ரெண்டு குவளையிலயும் இருந்துச்சு?" என்றார் மருந்துக்காரர்.

"வடியற தண்ணியோட கொஞ்சம் போயிடும். மத்தபடி அதேதான். அவ வடிச்சுட்டுக் கொண்டுவரா, நான் வடிக்காம கொண்டுவரேன். இப்போ ரெண்டையும் தின்னு பாருங்க."

என்னுடையது வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக, லேசான புளிப்போடு இருந்தது. அவள் தன்னுடையதை முந்தின நாள் காலையிலிருந்து தகரக்கூரை வெக்கையில் தொங்கவிட்டிருந்தாள். வடிய வடிய அது புளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, ஜன்னலுக்கு வெளியே துப்பினார். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம்.

ஆஸ்பத்திரி திரும்ப என்னிடம் வந்தது. எனக்கு அது போதவில்லை. வீடு வீடாகப் போய் அவள் துப்பவைத்த கதையைச் சொன்னேன்.

அடுத்த மழைக்காலம் அவள் காய்ச்சலில் கிடந்தாள். அவள் வீட்டில் உறைமோர் அற்றுப்போனது. எழுந்ததும் கிண்ணத்தோடு என் வாசலுக்கு வந்தாள். உறை கேட்டவளுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்பார்கள்.

"ஒரு கரண்டி போதும்மா" என்றாள்.

என் அடுப்படியில் பானை நிறைய இருந்தது. அவள் பார்க்கத்தான் மூடினேன்.

"இல்லை" என்றேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையே சொல்வேன்.