தூங்குனியா மாப்ளே?

போன செவ்வாய்க்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். இடது கை சமர்த்தாக உள்ளே போயிற்று. வலது கையும் போயிற்று. ஆனால் அலமாரி மேலிருந்து பேப்பரை எடுக்க வலது கையைத் தூக்கினேனோ இல்லையோ... அக்குளில் யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. கையைக் கீழே போட்டேன். தோளுக்குப் பின்னால் துணி உப்பிக்கொண்டு நின்றது.

கழற்றி, கட்டிலில் விரித்துப் பார்த்தேன். விஷயம் புரிந்தது. இரண்டு கையும் இடது கை!

சட்டைக் கையில் இடது வலது உண்டா என்று கேட்கிறவர்கள் தையற்கடைப் பக்கம் போகாதவர்கள். உண்டு. தோளோடு சேரும் வளைவில் முன்பக்கம் கொஞ்சம் ஆழமாக வெட்டியிருக்கும். பின்பக்கம் கொஞ்சம் நிரவலாக இருக்கும். என் வலது கையில் அது முன்னும் பின்னுமாக மாறிக் கிடந்தது.

துணி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிற இந்த யுத்த காலத்தில், கண்ட்ரோல் கடையில் கால் கடுக்க நின்று வாங்கிய கோடு போட்ட துணி ஐயா! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டுமா, இல்லையா? வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் தைத்தவன் முருகையா. முருகையாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பத்தைந்து நாள் ஆகிறது. தூக்கக் கலக்கத்தில் வெட்டியிருக்கிறான்.

ஆகா, அகப்பட்டான் என்று நினைத்தேன். அடுத்த நொடியே அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முருகையா கீழ ராஜ வீதியில் தையற்கடை வைத்திருக்கிறான். முன்னால் கடை, பின்னால் வீடு. எனக்குப் பத்து வருஷத்துச் சிநேகிதன். உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் அவனுக்கு நான் மாமா, எனக்கு அவன் மாப்ளே. அந்த இரண்டு வார்த்தையும் கேலி செய்வதற்கு எடுத்துக்கொண்ட லைசென்ஸ். அவன் கல்யாணத்துக்கு நான் செய்த கேலியில் மூன்று நாள் என்னோடு பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு முதல் பிள்ளை பிறந்தது. தலைப்பிரசவம், வழக்கப்படி அவன் மனைவி செல்லம் பொன்னமராவதியில் தாய் வீட்டில் இருந்தாள். பிள்ளை மூன்று மாதம்தான் இருந்தது. ஒரு ராத்திரி தூங்கிய குழந்தை காலையில் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அவனை மாப்ளே என்று கூப்பிட வாய் வரவில்லை. எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியாது. "வாங்க முருகையா, சௌக்கியமா இருக்கீங்களா?" என்று ஒரு மரியாதை வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

இப்போது இரண்டாவது குழந்தை. பிறந்த அன்றே அவளைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி, பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற சடங்கு. பெயரும் குப்பம்மாள். குழந்தை அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்லக்கூடாது. பொட்டு வைக்கிற இடத்தில் மையை அப்பியிருப்பார்கள்.

அழகு என்று சொல்லக்கூடாது, கொழுகொழு என்று சொல்லக்கூடாது, சிரிக்கிறாளே என்று சொல்லக்கூடாது... பின்னே எப்படித்தான் வாழ்த்துவது? குழந்தை பிறந்த மூன்றாம் நாள் நான் கற்கண்டுப் பொட்டலத்தோடு போனேன். கொடுத்தேன். "சந்தோஷம்" என்றேன். திரும்பி வந்துவிட்டேன். கோர்ட்டு சம்மனைக் கொண்டுவந்து கொடுக்கிற சிப்பந்திகூட இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பான்.

ஆகவே செவ்வாய்க்கிழமை மத்தியானம் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போனபோது, ஒரு கேலியும் செய்வதில்லை என்று தீர்மானமாகத்தான் போனேன்.

முருகையா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. ஊசியில் நூலைக் கோக்கிறான், கோக்கிறான்... நூல் ஊசிக்கு இந்தப் பக்கமே போய் வந்துகொண்டிருந்தது. நான் சட்டையை விரித்துக் காட்டினேன். ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"ஐயையோ! ரெண்டும் எடது கையா?"

"பரவாயில்லைங்க. வலது கையைத் தூக்குறப்ப மட்டும்தான் இழுக்குது."

"துணிய ரெண்டா மடிச்சுப் போட்டு வெட்டியிருந்தா இது வராது. ஒண்ணு வலது, ஒண்ணு எடதுன்னு தானா வந்துரும். துணி பத்தல. மிச்சத் துண்டுல ஒண்ணொண்ணா வெட்டுனேன். காகித அளவைத் திருப்பிப் போட மறந்துட்டேன் போல. அக்குள்ள ஒரு துண்டு வச்சுச் சரிபண்ணித் தந்துர்றேன்."

"மெதுவாச் செய்யுங்க. குழந்தை... சௌக்கியந்தானே?"

முருகையா நூலைக் கீழே வைத்தான்.

"நீங்களும் அப்படியே கேக்குறீங்களே!"

"எப்படிக் கேட்டேன்?"

"துக்கம் கேக்க வந்தவுக மாதிரி. கடைக்கு வர்ற அத்தனை பேரும் இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு, இதே குரல்ல கேக்குறாக. எதுத்த கடை சைக்கிள்காரருக்குப் பிள்ளை பொறந்தப்ப வீதியே அந்த ஆளைத் தூங்கவிடாமக் கேலி பண்ணுச்சு. கொட்டாவி விட்டாக் கேலி, குட்டிக்கரணம் அடிச்சாக் கேலி. நான் ஒன்றரை மாசமா இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, 'என்னப்பா தூக்கம் போச்சா'ன்னு கேக்கலையே! என் பிள்ளை தங்காதுன்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் மரியாதை என்று நினைத்தோம். அவனுக்கு அது என்னவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்! வெட்கமாக இருந்தது.

பெஞ்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ஏண்டா மாப்ளே, ராத்திரி பாராவுக்கு வர்ற போலீஸ்காரருக்கெல்லாம் லீவு கொடுத்துட்டாகளாமே, தெரியுமா?"

"எதுக்கு மாமா?"

"கீழ ராஜ வீதியிலதான் ஒருத்தன் விடிய விடிய முழிச்சுக்கிட்டுக் கெடக்கானே, தனியா எதுக்குச் சம்பளம்னு கேட்டாகளாம்!"

முருகையாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. விடுவேனா?

"அது சரி, காலையில கூவுற சேவலை நீதான் போயி எழுப்பி விடுறியாமே? நேத்து பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிட்டாக."

சிரித்துவிட்டான். உரக்க, தோள் குலுங்க. மூன்று வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. பிறகு, கேலிக்கு ஆளானவன் செய்ய வேண்டிய முறைப்படி, புலம்ப ஆரம்பித்தான்.

"அதை ஏன் மாமா கேக்குறீங்க! பகல் பூராம் நல்ல பிள்ளையாத் தூங்குறா. வெளக்கு வச்சதும் முழிச்சுக்குறா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கப் பால். குடிச்சதும் படுக்க வச்சா ஆகாது. தோள்ல போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரணும். அது வர அரை மணி. அப்புறம் தூளி. ஆட்டுனாத் தூங்குவா, நிறுத்துனா முழிப்பா. கயித்தை எங் கால் கட்டைவெரல்ல கட்டிக்கிட்டுப் படுத்துப் பாத்தேன். மிஷின் மிதிச்ச கால்தான? அதுபாட்டுக்கு ஆட்டிக்கிட்டே இருக்குது, நான் கண்ணை மூடுனாலும்!"

"அப்பப் பிரச்னை இல்லையே. கால் வேலை பாக்கட்டும், நீ தூங்கலாமே?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. மிஷின் சக்கரத்தைச் சும்மா ஒரு தடவை உருட்டினான்.

"அவ அழுதாக்கூடப் பரவாயில்ல மாமா. அழாமத் தூங்குறா பாருங்க... அப்பத்தான் எனக்குத் தூக்கம் போகுது. எந்திரிச்சுப் போயி மூக்குக்கிட்ட வெரலை வச்சுப் பாப்பேன். மூச்சு வருது. வந்து படுப்பேன். திரும்பவும் போவேன். செல்லத்துக்கும் தெரியாது. மொதப் பிள்ளை போன ராத்திரி நான் இங்க நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தேன். காலையில ஆள் வந்து எழுப்பித்தான் எனக்குத் தெரியும். அதான் இந்தத் தடவை செல்லத்தைத் தாய் வீட்டுக்கு அனுப்பலை."

ஆறுதல் சொல்லலாம். ஆனால் மறுபடியும் அந்த மூஞ்சி, அந்தக் குரல் வந்துவிடும். என் கண்ணும் கலங்கிவிட்டது. மாமன்காரன் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம்.

"மாப்ளே, நல்லாக் கேட்டுக்க. இப்பவே ஒனக்குச் சொல்லிவைக்கிறேன். அவளுக்குப் பல்லு மொளைக்கிறப்பத் தூங்க மாட்டே. நடக்க ஆரம்பிச்சு ஒன் கத்தரிக்கோலைத் தூக்கிக்கிட்டு ஓடுறப்பத் தூங்க மாட்டே. பள்ளிக்கூடத்துல கணக்குல சைபர் வாங்கிட்டு வர்றப்பத் தூங்க மாட்டே. அவ கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி, பந்திக்கு எலை பத்துமான்னு சுத்தமாத் தூங்க மாட்டே. ஒனக்கு இனிமே இந்த ஜென்மத்துல தூக்கம் கிடையாது. போ!"

முருகையா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நானும் துடைத்துக்கொண்டு சிரித்தேன். கற்கண்டோடு போன அன்று சொல்லத் தெரியாத வாழ்த்து இதுதான். சாபம் போல இருப்பதால் கண்ணேறும் கிட்டே வராது!

நாங்கள் சிரித்த சிரிப்பில் உள்ளே குப்பம்மாள் விழித்துக்கொண்டாள். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை... பஸ் ஹாரன் தோற்றது. செல்லம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இப்பத்தான் கண் அசந்தா. எழுப்பிவிட்டுட்டீங்களே, அண்ணே! இந்தாங்க, நீங்களே வச்சுக்கங்க. அடுப்புல உலை கொதிக்குது."

வாங்கிக்கொண்டேன். குழந்தையிடம் அழகு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அழுமூஞ்சி! காட்டுப்பூனை!" என்று திட்டிக்கொண்டே கடைக்குள் இங்கிட்டும் அங்கிட்டுமாக நடந்தேன். திட்டத் திட்ட இன்னும் பலமாக அழுதாள். வீதியில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"மாப்ளே, எப்படிப்பா இவளை நிறுத்துறது?" என்று திரும்பினேன்.

முருகையா மிஷின் பலகையில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த செல்லம் அவனை எழுப்பக் கை நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பிள்ளை அழுதால் எல்லாத் தகப்பனும் விழித்துக்கொள்வான். முருகையா, பிள்ளை அழுகிற தைரியத்தில் தூங்குகிறான்!