பத்தில் ஐந்து பங்கு

எமில்ராஜ் எழுதிப் பொய் சொல்லும் ஆள் இல்லை. அவருக்கு எழுத்து வேலையே ஒத்துவராது என்பது அதற்கு ஒரு காரணம். நாற்பத்தெட்டு வயது வரை வாயால் சொன்ன சில்லறைப் பொய்களைக் குருநகர்க் கடற்கரை மறந்துவிட்டது. கையால் எழுதிய ஒரே பொய்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதற்கு ஊரே கைதட்டியதுதான் கொடுமை.

இரண்டு வருடங்களுக்கு முன் வலை இழுக்கும்போது அவருடைய வலது தோள் மூட்டு நழுவியது. பொருத்திக் கட்டி விட்டார்கள். ஆனால் அந்தத் தோளை நம்பி இனி ஒரு வலையும் இழுக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். படகை அவருடைய அக்காவின் மகன் றஞ்சித் எடுத்துக்கொண்டு போனான். மனைவி ஜெசிதா நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போனாள். மகள் கலியாணம் கட்டி மன்னாரில் இருந்தாள். வீட்டில் மிஞ்சியது இவர்கள் இருவரும்தான்.

ஜெசிதா விடிய நாலு மணிக்கு எழும்பி, புட்டு அவித்து, மத்தியானச் சோற்றையும் கறியையும் மூடி வைத்துவிட்டு, ஆறு மணிக்குக் கொம்பனியின் வான் வண்டியில் ஏறுவாள். அங்கே அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையை எடுக்கும் வேலை. பின்னேரம் நாலரைக்கு வந்து உடுப்புத் தோய்த்து, வீடு கூட்டி, இரவுச் சாப்பாட்டை அடுப்பில் வைப்பாள். எமில்ராஜ் சந்தியில் சைக்கிளோடு நின்று அவளை ஏற்றிக்கொண்டு வருவார். குழாயில் தண்ணீர் பிடித்து வைப்பார். வேறு பெரிதாய் ஒன்றும் சொல்வதற்கில்லை.

முதல் ஆறு மாதம் அவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. உழைக்காமல் தின்கிறேன் என்ற எண்ணம் முள்ளாய்க் குத்தியது. அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்தைப் பாருங்கள்: கறியில் நல்ல துண்டுகளை ஒதுக்கிவிட்டு வெறும் குழம்போடு சாப்பிட்டார். "எனக்கு வேண்டாம், நீ சாப்பிடு." நாலு மணிக்கு எழும்பி அவருக்கென்று சமைத்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவள் தன் சாப்பாட்டுக் கோப்பையையும் மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவர் எழும்பிப் போய் ஒரு தேங்காயைத் திருவிக் கொடுத்திருந்தாலாவது புண்ணியமாய்ப் போயிருக்கும். தன்னைப் பட்டினி போடுவது அதைவிட அவருக்குச் சுகமாய் இருந்தது.

பிறகு மனம் வேறு வழி தேடியது. குற்ற உணர்ச்சியோடு எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதன் குடித்தனம் நடத்துவான்? 'அவளுக்கு என்ன கஷ்டம், குளிர் அறையில் நின்று நண்டு உடைக்கிறாள். நான் இருபத்தைந்து வருஷம் காற்றிலும் கடலிலும் கிடந்தவன்' என்று நினைக்கப் பழகினார். பிறகு அதை வாய்விட்டும் சொன்னார். அவள் விரல்நுனி வெடித்து வந்த ஒரு நாள், "கையுறை போடத் தெரியாதே உனக்கு?" என்று கேட்டார். அவள் செய்வதைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அவர் செய்யாதது பெரிதாய்த் தெரியவில்லை. சாப்பாடும் இறங்கியது.

அவர் நிம்மதியானார். அவள் நிம்மதி இழந்தாள். சந்தியிலிருந்து வீடு வரை சைக்கிளில் கொம்பனிக் கதை சொல்லிக்கொண்டு வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். பின்னேரத் தேத்தண்ணீரைத் தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தாள். எமில்ராஜ் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். அது கோபம் என்று தெரிந்தால் மறுபடியும் முள் குத்துமே!

இந்த நேரத்தில்தான் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் திருமண வெள்ளிவிழாப் பூசை வந்தது. இருபத்தைந்து வருடம் முடித்த சோடிகள் பீடத்துக்கு முன் நின்று கலியாண வாக்கைத் திரும்பச் சொல்ல வேண்டும். பெயர் பதியப் போன இடத்தில் ஜெசிதா, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.  எமில்ராஜோடு ஒரே வருடம் கலியாணம் கட்டியவர்கள் ஒன்பது சோடி. அவர்களுக்கு முன்னால் தனியாக நிற்பதா? அதைவிட, அவள் ஏன் யோசிக்கிறாள்?

பூசைக்கு முன் இரண்டு ஞாயிறு பின்னேரம் சோடிகளுக்குக் கோயில் மண்டபத்தில் வகுப்பு. நடத்தியவர் சிஸ்டர் தயாளினி. முதல் வகுப்பில் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை மறுபக்கமும் இருத்தி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். சமையல், உடுப்பு, தண்ணீர், உழைப்பு, சொந்தக்காரர் வீட்டு நன்மை தின்மைக்குப் போவது, நோய் வந்தால் பார்ப்பது என்று பத்து விடயங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பங்கில் உங்கள் பங்கு எத்தனை என்று, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். கணவன்மாரும் மனைவிமாரும் அவரவர் செய்வதை எழுதுவார்கள். பிறகு இரண்டு தாளையும் சேர்த்துக் கூட்டுவது.

எமில்ராஜுக்குப் பங்கு என்றால் கடல் பங்குதான். பிடிபட்ட மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஒரு பங்கு. படகுக்காரன் கரையில் நின்றாலும் படகுப் பங்கு அவன் வீடு வரும். அதை வைத்துக் கணக்குப் பார்த்தார். படகு என்னுடையது, றஞ்சித் தரும் கறிமீன் என் படகின் மீன், ஆகவே அந்தக் கறியில் என் பங்கு இல்லையா? சமையலுக்கு ஐந்து போட்டார். உழைப்புக்கு ஐந்து. உடுப்புத் தோய்க்க எந்தப் படகும் தேவையில்லை. இருந்தும் கை பழகிவிட்டது, அதற்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ஐந்து. அவர் குடியிருக்கும் வீடு ஜெசிதாவின் சீதன வீடு. அதை எந்தக் கணக்கிலும் அவர் சேர்க்கவில்லை.

சிஸ்டர் தாள்களைச் சேர்த்துப் பார்த்தார். ஒரு வீட்டில் சமையல் பதின்மூன்று பங்கு. இன்னொரு வீட்டில் தண்ணீர் பதினாலு. மண்டபம் சிரித்தது.

"சிரியாதேயுங்கோ, ஒருத்தரும் பொய் எழுதேல்லை," என்றார் சிஸ்டர். "தன்ரை கை செய்யிறது தனக்கு நல்லாத் தெரியும். மற்றவர் செய்யிறதிலை பாதி எங்கடை கண்ணுக்குத் தெரியாமல்தான் நடக்கும். அதாலைதான் கூட்டினால் பத்துக்கு மேலை போகுது. ரெண்டு பேரும் ஒரே அளவு செய்ய வேணும் எண்டில்லை. தான் போடுறதுக்கும் தனக்குக் கிடைக்கிறதுக்கும் பொருத்தம் இருக்கு, மற்றவருக்கும் அப்பிடித்தான் எண்டு ரெண்டு பேருக்கும் பட வேணும். குறையக் கிடைக்கிறவருக்குக் கோபம் வரும். கூடக் கிடைக்கிறவருக்கும் நிம்மதி வராது, குற்ற உணர்ச்சி வரும். அதைத் தாங்கேலாமல் சில பேர் கூடச் செய்யத் தொடங்குவினம். சில பேர் மற்றவர் செய்யிறதைக் குறைச்சுக் கதைக்கத் தொடங்குவினம்."

எமில்ராஜ் நிலத்தைப் பார்த்தார். இந்த மனுசி எங்கள் குசினிக்குள் எப்போது வந்தா?

அப்போது சிஸ்டர் கடைசிச் சோடியின் தாள்களை உயர்த்திப் பிடித்தார். "இஞ்சை பாருங்கோ! ஒரு இடத்திலையும் கூடவுமில்லை, குறையவுமில்லை. எல்லாத்திலையும் சரியாப் பத்து. அவரும் அஞ்சு, அவவும் அஞ்சு. எமில்ராஜ், ஜெசிதா, எழும்புங்கோ!"

எல்லோரும் கைதட்டினார்கள். எமில்ராஜ் எழும்பினார். பெண்கள் பக்கம் ஜெசிதாவும் எழும்பி, அவரைப் பார்க்காமல் நின்றாள். உடுப்புக்குக்கூட அவள் ஐந்துதான் எழுதியிருந்தாள். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது.

வீடு போகும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏன் ஜெசி அப்பிடி எழுதினனீ?"

"நீங்கள் எல்லாத்துக்கும் அஞ்சு எழுதுவியள் எண்டு எனக்குத் தெரியும். ஒன்பது எண்டு உண்மையை எழுதியிருந்தால் கூட்டிப் பதினாலு வரும். எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்சிருப்பினம்."

"அப்ப எனக்காகத்தானே..."

"ஓம். அதையும் நான்தானே செய்ய வேண்டிக் கிடக்கு." அவள் குரல் உயரவில்லை. "பூசைக்கு நான் வரேல்லை. பேப்பரிலை பொய் எழுதினது போதும். பீடத்துக்கு முன்னாலையும் சொல்லேலாது."

அடுத்த நாள் எமில்ராஜ் மூன்று மணிக்கே எழும்பினார். இடது கையால் தேங்காய் திருவினார், புட்டு அவித்தார், வீடு கூட்டினார், அவளுடைய சாப்பாட்டைக் கட்டி வைத்தார். மூன்று நாள் இப்படி நடந்தது. நாலாம் நாள் ஜெசிதா அவர் கையிலிருந்து அகப்பையைப் பறித்தாள்.

"என்னை என்ன விருந்தாளி எண்டு நினைச்சியளே? முந்தி நான் எல்லாம் செய்தன், இப்ப நீங்கள் எல்லாம் செய்யிறியள். உது உங்கடை மனக்குத்தைத் தீர்க்கிற வேலை. எனக்குச் செய்யிற வேலையில்லை. எனக்கு என்ன வேணும் எண்டு எப்பவாவது கேட்டனீங்களே?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடம் அவளுடைய கஷ்டத்தைப் பற்றி நினைத்ததெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று அப்போதுதான் பிடிபட்டது.

"சரி, இப்ப கேக்கிறன். சொல்லு."

சனிக்கிழமை அவளுக்கு லீவு. மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து இருவரும் சேர்ந்து எழுதினார்கள். அவர் தனக்கு உழைப்பில் ஒன்று போட்டார். அவள் அதை இரண்டாக்கினாள். "படகு உங்கடைதானே, அது உண்மை." நன்மை தின்மைக்கு அவர் ஒன்றும் போடவில்லை. "செத்த வீடு எல்லாத்துக்கும் ஆர் போறது?" என்று அவள் அவருக்கு ஆறு போட்டாள். உடுப்புக்கு அவர் பூச்சியம் போட, அவள் அதை மாற்றவில்லை. சமையலுக்கு மூன்று எழுதச் சொன்னாள்: தேங்காய் திருவுவது, மீன் வெட்டுவது, பின்னேரத் தேத்தண்ணி. இனி அதை அவர் செய்வது. விடியப்புறத்துப் புட்டு அவளுடையது. அந்த நேரத்துக் குசினியில் வேறு ஆள் நிற்பது அவளுக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க அவருடையது பத்தில் மூன்றுக்குக் கிட்ட வந்தது.

"மூண்டுதான்," என்றார் எமில்ராஜ். தலை நிமிரவில்லை.

"தோள் ஏலாத மனுசனுக்கு மூண்டு எனக்குப் போதும். நீங்கள் அஞ்சு எண்டதுதான் எனக்குப் பொறுக்கேல்லை."

"அப்ப பூசைக்கு?"

அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு எழும்பினாள். அன்று பின்னேரம் தேத்தண்ணி ஊற்றியது எமில்ராஜ். அவள் குடித்தாள், சீனி கூடிவிட்டது என்றாள்.

மறுநாள் இரண்டாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. எமில்ராஜ் தனியே போனார். சிஸ்டர் வணக்கம் சொல்லி முடிக்குமுன் எழும்பினார். 

"சிஸ்டர், போன கிழமை நான் எழுதினது பொய். ஒரு வேலையும் பாதி செய்யாமல் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டனான். என்னைச் சபையிலை காப்பாத்த அவவும் அஞ்சு போட்டவ. கைதட்டினது அவவுக்குத்தான் சேர வேணும்."

ஒருவரும் தட்டவில்லை. ஒருவரும் சிரிக்கவுமில்லை. பின்வரிசையில் ஒருத்தர் தன் மனைவியை மெல்லத் திரும்பிப் பார்த்தார். எமில்ராஜ் உட்கார்ந்தார். பாரம் முழுக்க இறங்கியது என்று சொல்ல முடியாது. இரண்டு வருடத்தை ஒரு பின்னேரத்தில் யாரால் இறக்க முடியும்?

வீட்டில் ஜெசிதா தாளை மேசையில் விரித்தபடி இருந்தாள்.

"சொன்னனீங்களோ?"

"ஓம்."

"ஆர் ஆர் இருந்தவை?"

"எல்லாரும்."

அவள் பேனையை எடுத்து, அவருடைய மூன்றை வெட்டி நாலாக்கப் போனாள். எமில்ராஜ் இடது கையால் அவள் விரல்களைப் பிடித்துத் தடுத்தார். நுனியெல்லாம் வெடித்து, மரப்பட்டை போலச் சொரசொரப்பாய் இருந்தன.

"வேண்டாம் ஜெசி. உண்மையாய் நாலு வரட்டும், அப்ப போடு."

 ஜெசிதா பேனையை வைத்தாள்.

"பூசை எத்தினை மணிக்கு எண்டு கேட்டுக்கொண்டு வந்தனீங்களோ, இல்லாட்டி அதுக்கும் நான்தான் போக வேணுமோ?"