பஸ் பாஸில் ஏறும் இடம்

நடத்துநர் கையில் இருக்கும் டிக்கெட் இயந்திரத்துக்கு ஒரு சத்தம் உண்டு. கிர்ரென்று தொடங்கி, காகிதம் கிழிபடும் இடத்தில் சட்டென்று நின்றுவிடும். சாரல் நாட்களில் எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டுப் போகிற பேருந்தில், மூச்சும் ஈரத் துணியுமாக ஆட்கள் நெருக்கி நிற்க, அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் போன ஆனி மாதத்தின் ஒரு நாள் எனக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இறங்கச் சொன்னாலும் இறங்குவதில்லை.

குற்றாலத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். தென்காசியில் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊராருக்கு வேண்டிய வாசகங்களை எழுதிக் கொடுப்பேன். மனைவி பண்பொழியில் இருக்கிறாள், அவள் அப்பா விட்டுப்போன வீட்டில். சண்டை என்று சொல்ல இப்போது ஒன்றும் மிச்சமில்லை. மகன் அவளோடு. சீசன் வந்தால் இந்த ஊரே ஈரத் துண்டோடு நடக்கும். எண்ணெய் தேய்த்த முதுகுகள், சிப்ஸ் பொட்டலங்கள், குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூவும் அம்மாக்கள். எல்லோரும் யாருடனாவது வந்தவர்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பால் வாங்கப் போகும்போதுதான் நான் ஒற்றை ஆள் என்பது எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

அன்று காலை மகன் வந்தான். தோளில் பெரிய பை. பாவூர்சத்திரத்துக்கு அப்பால் உள்ள அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பஸ் பாஸுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள், அப்பா கையெழுத்து வேண்டும், ஆதார் அட்டையும் இங்கேதான் கிடக்கிறது என்றான். அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு? கல்லூரிக்கு இங்கிருந்தே போய்வரலாம் என்று நினைத்திருப்பானோ? கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று தோன்றியது.

“எல்லாத்தையும் நீங்களே எழுதிருங்கப்பா. ஒங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். நான் அருவில ஒரு குளியல் போட்டுட்டு வந்திருதேன்” என்று துண்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஒரே ஒரு தாள். மேலே புகைப்படம் ஒட்டக் கட்டம். பெயர், வகுப்பு, வீட்டு முகவரி. அதற்குக் கீழே ஏறும் இடம், இறங்கும் இடம், செல்லும் வழி. கடைசியில் பெற்றோர் கையெழுத்துக்கும், கல்லூரி முதல்வர் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் வெற்றிடம். ஆதாரில் இருந்த முகவரி இந்த வீடுதான். நாங்கள் மூவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த நாளில் எடுத்தது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்த பேனா, ஏறும் இடத்தில் குற்றாலம் என்று எழுதியது. வழி: தென்காசி, பாவூர்சத்திரம். நல்ல கறுப்பு மையில், சுழி பிசகாமல் எழுதினேன். பிறகு கீழே போய் இரண்டு பேருக்கு இட்லி வாங்கி வந்தேன். மாவு வாங்கிவைக்க வேண்டும், இன்னொரு தலையணை வேண்டும் என்று படியேறும்போதே மனது கடை கடையாகப் போய்வந்தது.

தலையில் நீர் சொட்ட வந்தவன் தாளை எடுத்துப் பார்த்தான்.

“ஏறும் இடம் குற்றாலம்னு எழுதிட்டியளாப்பா?”

“ஆதார்ல அப்படித்தானலே இருக்கு.”

“நான் பண்பொழிலருந்துல்லா போவேன்.”

“இங்கனருந்து போனா என்ன? அரை மணிக்கொரு பஸ் ஓடுது. பண்பொழிலருந்து ஒரு பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு அந்த முருகனுக்கே தெரியாது.”

சிரித்தான். சிரித்துவிட்டு, “அம்மா தனியா இருக்காப்பா” என்றான்.

நான் மட்டும் என்ன திருவிழாக் கூட்டத்திலா இருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. வெளியே திருவிழாக் கூட்டம்தான் போய்க்கொண்டிருந்தது. இட்லியைப் பிரித்து வைத்தேன். பைக்குள் என்ன என்று அப்போதுதான் கேட்டேன். மழைக்காலத்துக்கு நான் கேட்டிருந்த கம்பளியாம். அம்மா கொடுத்துவிட்டாளாம்.

இனி அந்தத் தாள் உதவாது. அடித்து எழுதினாலும் வெள்ளை மை பூசினாலும் டிப்போவில் திருப்பிவிடுவார்கள் என்று கல்லூரியில் முதலிலேயே சொல்லியிருக்கிறார்கள். புதுத் தாள் கல்லூரி அலுவலகத்தில்தான் கிடைக்கும். விண்ணப்பங்களை எல்லாம் சேர்த்துக் கட்டி அன்று பிற்பகலே போக்குவரத்துக் கழக டிப்போவுக்கு அனுப்புகிறார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த கட்டுக்குக் காத்திருக்க வேண்டும். பாஸ் அச்சாகிக் கல்லூரிக்கே வந்துசேரப் பல வாரம் பிடிக்கும். தாளைப் பாழாக்கிய கை என்னுடையது. பெற்றோர் கையெழுத்தும் மறுபடி வேண்டும். அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவனோடு கிளம்பினேன்.

தென்காசிப் பேருந்து நிலையத்தில் திருநெல்வேலி போகும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஏறப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“இது எக்ஸ்பிரஸ். இதுல ஸ்டூடண்ட் கார்டு செல்லாதுப்பா. சாதா பஸ்லதான்.”

“நான் டிக்கெட் எடுக்கேம்லே.”

“எதுக்கு? பின்னாடியே சாதா வண்டி வரும்.”

வந்தது. நடத்துநர் கறுத்த ஒல்லி மனிதர், காதில் பேனா. மகன் கல்லூரி அடையாள அட்டையை நீட்டினான்.

“ஃபர்ஸ்ட் இயரா? பாஸ் வாரவரைக்கும் இது போதும், வச்சுக்கோ. பாஸ் வந்தப்பறமும் ‘வீட்ல மறந்து வச்சுட்டேன் அண்ணே’ன்னு இதையே நீட்டுவிய பாரு, அப்பத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.” என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி எந்த காலேஜு?”

பின்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள். “நான் அரியர் எழுதப் போறேன்” என்றேன். இயந்திரம் கிர்ரென்று என் ஒற்றைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தது.

மகன் ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி வெளியே பார்த்தான். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து வெங்காய வாசனை வந்தது, தக்காளி ஏற்றிய டெம்போக்கள் வழியை அடைத்தன. எங்களுக்கு நடுவில் இருந்த சிறிய இடைவெளியில் கம்பளியை இறக்கிவிட்டுச் சுருங்கிய அவன் பை உட்கார்ந்திருந்தது. ஒருவரோடு ஒருவர் பேச வேண்டியதை எல்லாம் அந்தப் பையிடம் விட்டுவிட்டு வந்தோம்.

அலுவலகத்தில் பஸ் பாஸ் மேசையில் ஓர் அம்மா இருந்தார். விண்ணப்பங்கள் ஊர்வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. முன்னால் நின்ற பெண், டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லையே, பாஸ் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ஒங்க ஊருக்கு ஓடுறது டவுன் பஸ்ஸா? புறநகர் வண்டில ஏறிட்டு இலவசம்னு நின்னா இறக்கி விட்ருவாவ. எழுதுட்டி” என்று அவளை விரட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். எங்கள் தாளை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“கையெழுத்து முத்து மாதிரி இருக்கே. எல்லாம் சரியாத்தான இருக்கு? குற்றாலம், தென்காசி, பாவூர்சத்திரம். கட்டுல வச்சிருதேன்.”

அந்த ஒரு நொடி அவன் பேசாமல் இருந்தால் போதும். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

“பண்பொழி மேடம்” என்றான் மகன். “மாத்தி எழுதணும்.”

“ஆதார்ல குற்றாலம்னு இருக்கே தம்பி. வீடு ஒரு ஊர்ல, ஏறுறது ஒரு ஊர்லன்னா டிப்போல கேப்பாவ.”

“ரெண்டு ஊருக்கும் சேத்துப் போட முடியாதாம்மா?” என்று நான் கேட்டேன். “தென்காசி வரைக்கும்தான் வேற வேற. அதுக்கப்பறம் ஒரே ரூட்டுதான்.”

அவர் சிரித்துவிட்டார். “ஒரு பிள்ளைக்கு ஒரு வீடுதான் சார் பாஸ்ல. ஒரு ஏறும் இடம், ஒரு இறங்கும் இடம்.” சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பையன் அங்கன இருக்கான்னு பெத்தவங்க ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுங்க. அந்த வீட்டு முகவரிக்கு ஏதாவது நகல் இருந்தா வைங்க. முதல்வர்ட்ட சொல்லிக் கையெழுத்து வாங்கிருதேன்.”

மகன் பைக்குள் கைவிட்டு ஒரு மடித்த காகிதத்தை எடுத்தான். அவன் அம்மாவின் ஆதார் நகல். காலையில் பண்பொழியிலிருந்து புறப்படும்போதே எடுத்து வைத்திருக்கிறான்.

வராந்தாச் சுவரில் தாளை வைத்து எழுதினேன். எத்தனையோ வீட்டு மணமக்களுக்கும் மரித்தவர்களுக்கும் நிற்காமல் ஓடிய பேனா, ‘என் மகன்’ என்று எழுதிவிட்டு நின்றது. அடுத்து வர வேண்டியது எனக்குத் தெரியும். அலங்காரம் ஏதும் வேண்டாத ஒரு வரி. ‘என் மகன் பண்பொழியில் தன் தாயாருடன் வசித்து வருகிறான்.’ வசித்து என்ற சொல்லின் மேல் சாரல் துளி ஒன்று தெறித்து மை பரவியது. வேறு தாளில் மறுபடி எழுதினேன். ஒரே நாளில் அதை இரண்டு முறை எழுத நேர்ந்தது.

புதுத் தாளை அவனே நிரப்பினான். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. பண்பொழி என்பதை மட்டும் நிறுத்தி நிதானமாக எழுதினான். நான் கீழே கையெழுத்திட்டேன். அந்த அம்மா வாங்கிக் கட்டில் செருகும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“அரசுக் கல்லூரிங்கிறதால ஒங்களுக்குப் பைசா கிடையாது சார். தனியார்னா பாதிக் கட்டணம் கட்டணும். இது இந்தப் படிப்பு வருஷம் முடியுற வரைக்கும்தான். அடுத்த வருஷம் புதுசா எழுதிக் குடுக்கணும். அப்ப ஊரு மாறுனாலும் மாத்திக்கிடலாம்.”

ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது தென்காசி வரை ஒரே வண்டி. நிலையத்தில் இறங்கியதும் எங்கள் பேருந்துகள் வெவ்வேறு வரிசையில் நின்றன. குற்றாலம் வண்டி ஈரத் துண்டுகளால் நிரம்பி வழிந்தது. பண்பொழி வண்டியில் கூட்டமில்லை, ஓட்டுநர் இருக்கையில் ஏறியிருந்தார். மகன் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான்.

“கம்பளிய வெயில்ல போட்டுட்டுப் போத்துங்கப்பா. பெட்டிக்குள்ள கிடந்தது.”

“எங்கலே இருக்கு வெயிலு?”

“அதுவும் சரிதான்.” இன்னும் ஏறாமல் நின்றான். நடத்துநர் விசில் ஊதினார். “ஞாயித்துக்கிழம லீவுல்லா, அன்னைக்கு பாஸ் எங்கயும் செல்லாதாம். எங்கன போனாலும் டிக்கெட்தான் எடுக்கணும்.”

“வாரியாலே?”

“பாப்பம்ப்பா.”