பொங்கல்படியில் வந்த கசப்புத் தண்ணீர்

என் மனைவியின் இடது காலைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சதை உருண்டு கல்லாகிவிடும். அவள் கத்தமாட்டாள், என் தோளைத் தட்டுவாள். நான் எழுந்து அவள் முழங்காலை நீட்டிப் பிடித்து, கால்விரல்களை அவள் முகத்தை நோக்கிப் பைய வளைப்பேன். கொஞ்ச நேரத்தில் சதை இளகும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் என்னை விட்டால் ஆள் கிடையாது.

அந்த வேலையைத்தான் என் மைத்துனன் பிடுங்கிக்கொண்டான்.

அவன் என் மனைவியின் ஒரே தம்பி. துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கல்லிடைக்குறிச்சியில் வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆள் நல்லவன்தான். அதுதான் எரிச்சல். குறை சொல்ல ஏதாவது இருந்தால் மனது லேசாகும். தம்பி வருகிறான் என்றால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கே தனிக் களை வந்துவிடும். நான் கேட்டால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்கிற சொதிக்குழம்பு, அவன் கேட்காமலே கொதிக்கும்.

பொங்கலுக்கு அவன் படி கொண்டுவந்தான். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வராமல் இருக்காது. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, சேலை எல்லாம் இறங்கியது. கடைசியாக ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே டானிக் வாட்டர் பாட்டில்கள்.

"அத்தான், இது சும்மா சோடா இல்ல. மலேரியாவுக்குக் குடுக்குற கொயினா சேத்திருக்கான். எங்க ஓட்டலுக்கு வார வயசான வெள்ளைக்காரிங்க கால் இழுக்குதுன்னா இதத்தான் கேட்டு வாங்கிக் குடிப்பாவ" என்றான்.

ஜின்னோடு கலந்து குடிக்கிற தண்ணீரைத்தானே சைவ வீட்டுப் பூஜையறைக்குப் பக்கத்தில் இறக்கி வைக்கிறாய் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மனைவி சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் குடித்தாள். கசப்பு என்று முகத்தைச் சுளிப்பாள், அந்தச் சுளிப்பிலும் ஒரு பெருமை இருக்கும். ஒரு வாரம் போனது. என் தோளை யாரும் தட்டவில்லை. காலையில் எழுந்து, வலி வந்ததா என்று கேட்பேன். இல்லை என்பாள். கோயிலில், கல்யாண வீட்டில், எதிர்வீட்டு வாசலில் எல்லாம் ஒரே பேச்சு: என் தம்பி கொடுத்த தண்ணி, என் தம்பி கொடுத்த தண்ணி. இத்தனை வருடம் நான் பிடித்த கால் யார் வாயிலும் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பாட்டில் தண்ணீரைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனால் எரிச்சல்தான் அதிகம்.

ரத்த அழுத்தத்துக்கு நான் மாதாமாதம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பேச்சுவாக்கில் என்றால், அதைக் கேட்பதற்காகவே ஒரு வாரம் முன்னதாகப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். குயினைன் மலேரியாவுக்கான மருந்து. மாத்திரையின் அளவில் சாப்பிட்டால் கால் பிடிப்பைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காதில் இரைச்சல், பார்வைக் கோளாறு, இதயத்துடிப்பு தாறுமாறாவது என்று அதற்குப் பின்விளைவுகள் உண்டு. சிலருக்கு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களே மளமளவென்று சரிந்துவிடும். வெறும் கால் பிடிப்புக்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம் என்று பல நாடுகளில் அதற்குக் கொடுப்பதையே கைவிடச் சொல்லிவிட்டார்கள். பானத்தில் அதைச் சேர்ப்பது கசப்புச் சுவைக்காக. ஒரு லிட்டரில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. ஒரு மாத்திரையில் இருப்பது வேண்டுமென்றால் லிட்டர் லிட்டராகக் குடிக்க வேண்டும்.

"அப்போ அவளுக்கு எப்படிம்மா நின்னுச்சு?"

"இந்தப் பிடிப்பு தானா வரும், தானா ஓயும் சார். ஓயுற நேரத்துல எதைக் குடிச்சாலும் அதுக்குப் பேரு வந்துரும்."

எனக்கு ஆட்டோவில் வீடு வந்து சேர்வதற்குள் அவசரம் தாங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன். அந்தத் தண்ணீரில் பேருக்குத்தான் மருந்து, தம்பி கொடுத்தது வெறும் கசப்பு என்றேன். சிலருக்குத் தட்டணு சரியும் என்பதையும் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மருந்தே இல்லங்கீய, ஆபத்துன்னும் சொல்லுதீய. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

கணக்கு வாத்தியாரை அவர் கணக்கிலேயே மடக்கிவிட்டாள். அவள் அதோடு விடவில்லை, என் தம்பி எது செய்தாலும் உங்களுக்குப் பொறுக்காது என்றும் சொன்னாள். அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மாசியில் பாட்டில்கள் தீர்ந்துபோயின. இனி என் தோள் தட்டப்படும் என்று காத்திருந்தேன். கட்டியவளுக்கு வலி வரட்டும் என்று ஒருவன் காத்திருப்பானா? நான் காத்திருந்தேன். வரவில்லை. பார்த்தாயா, குடிக்காமலே வலி இல்லையே, அப்படியென்றால் அந்தத் தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முன்பு குடித்தது இன்னும் உள்ளே நின்று வேலை செய்கிறது என்றாள். தம்பியின் தண்ணீர் குடித்தாலும் கேட்கும், குடிக்காவிட்டாலும் கேட்கும்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக அவன் காரில் வந்தான். டிக்கியில் மறுபடியும் ஒரு பெட்டி. வெயிலில் போய்த் திரும்பிய களைப்பில் அவள் ஒரு பெரிய டம்ளர் நிறைய ஊற்றிக் குடித்தாள். சாயங்காலம் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டு படுத்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மறுநாள் காலையில் பல் தேய்த்தவள் துப்பியதெல்லாம் சிவப்பாக இருந்தது. இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே குண்டூசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். நான் அத்தனை வருடம் பிடித்த காலில் அவ்வளவு புள்ளிகள்.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மைத்துனன்தான் காரை ஓட்டினான். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தட்டணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. எங்கேயாவது உள்ளே கசிந்தால், அதுவும் தலைக்குள் கசிந்தால், உயிருக்கே ஆபத்து என்று பெரிய டாக்டர் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். முதலில் டெங்கு என்றுதான் சந்தேகப்பட்டார்கள். அது இல்லை என்று வந்தது. டாக்டர் கட்டிலருகே நின்று அவளிடம் கேட்டார்: புதிதாக ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், வலி ஊசி?

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அவள் பொய் சொல்லவில்லை. பிறந்த வீட்டிலிருந்து கரும்போடும் மஞ்சளோடும் வந்தது அவள் கணக்கில் மருந்து இல்லை, படி. அதைப் போய் ஒரு டாக்டர் முன்னால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவாளா? அதுவும் தம்பி கால்மாட்டில் நிற்கும்போது?

எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பொங்கலிலிருந்து அந்தப் பாட்டிலைக் கரித்துக்கொட்டியவன் நான். இப்போதும் அதைச் சொன்னால், சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்த மனுஷனுக்குப் பொறாமை போகவில்லை என்று நினைப்பாள். அந்த நினைப்போடு அவள் போய்விட்டால்? டாக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். இன்னும் ஒரு டம்ளர் மிச்சம் இருக்கும் பாட்டில் வீட்டு ஃபிரிட்ஜில் நிற்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"டானிக் வாட்டர் குடிச்சா டாக்டர். நேத்தும் குடிச்சா. அதுல குயினைன் இருக்கு."

மைத்துனன் என்னைப் பார்த்தான். அத்தான், அது சோடாதானே என்று முனகினான். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் மட்டும் சட்டென்று திரும்பி, எத்தனை நாளாக, நடுவில் நிறுத்தினாளா, திரும்ப எப்போது தொடங்கினாள் என்று அடுக்கிக் கேட்டார். பொங்கலுக்குப் பின் குடித்ததும், மாசியில் நின்றதும், நேற்றுத் திரும்பக் குடித்ததும் சொன்னேன். அதுதான் என்றார். இனி ஒரு சொட்டு வாயில் படக்கூடாது.

அவள் கீரை உருவியபடி கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்டேன். வலிக்குப் போதாத மருந்து எப்படி ஆளைச் சாய்க்கும்? அவர் சொன்னார்: "சதைக்கு வேலை செய்யணும்னா அளவு வேணும். இது அளவுக் கணக்கு இல்லீங்க. சிலர் ரத்தம் முதல் தடவை குடிச்சதுல அதை அடையாளம் வெச்சுக்கிடும். அடுத்த தடவை கொஞ்சம் உள்ள போனாலே தன் தட்டணுவைத் தானே அழிச்சிரும். ரொம்ப அபூர்வம். ஆனா யாருக்குன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது."

மனைவி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மருந்தும் சிகிச்சையும் கொடுத்தார்கள் என்றாலும், அதை நிறுத்தியதுதான் பெரிய மருந்து என்றார்கள். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை ஏறியது. புள்ளிகள் மங்கின. மைத்துனன் பெட்டியோடு எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து, சாப்பிடாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். அவள் வாய் திறந்தபோதெல்லாம் தம்பி சாப்பிட்டானா என்றுதான் கேட்டாள். எனக்கு வந்தது இரக்கம் இல்லை.

வீட்டுக்கு அனுப்பப்போகிறோம் என்று சொன்ன அன்று மத்தியானம், நான் கீழே காப்பி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து திரையை விலக்கும் முன்பே அவள் குரல் கேட்டது. இத்தனை மாதம் வராத பிடிப்பு வந்துவிட்டது. மைத்துனன் பதறிப்போய்க் கெண்டைக்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"விடுலே. அமுக்காதே. உங்க அத்தானக் கூப்பிடு."

பிளாஸ்கை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. முழங்காலை நீட்டி, விரல்களை அவள் முகத்தை நோக்கிப் பைய வளைத்தேன். கல் இளகியது. அவள் பெருமூச்சு விட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது ஒரு வார்த்தை, எனக்கென்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் தம்பியைத்தான் பார்த்தாள். "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்கிடாத. ஆசையாத்தானே வாங்கியாந்த" என்றாள்.

பிடிப்பு எப்போதோ விட்டிருந்தது. நான் பாதத்தை விடவில்லை.